"பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது" என்று கடிதம் போடாதீர்கள்

திருப்பூரில் இரண்டு பேர் கூட்டாக நடத்திய நிட்டிங் யூனிட்டைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கிய தம்பி ஒருவர், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பவிருந்த கடிதத்தை என்னிடம் காட்டினார். "எங்கள் நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறியுள்ளது, மற்றவை அனைத்தும் பழையபடியே." எனக்குப் பகீரென்றது. நானும் இதே வரியை எழுதிப் பட்டவன்.

பான் மாறியதா என்று பார்க்காமல் எழுதுவது

பழைய கூட்டு நிறுவனமே பெயரை மட்டும் மாற்றினால் பான் அப்படியே இருக்கும். ஜிஎஸ்டி எண்ணும் மாறாது, போர்ட்டலில் பெயரைத் திருத்த வேண்டும். பிரைவேட் லிமிடெட் ஆனால் அது சட்டப்படி வேறு ஆள். புதுப் பான், அதனால் புது ஜிஎஸ்டி எண். அந்த எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள்: கூட்டு நிறுவனத்துக்கு F, கம்பெனிக்கு C.

நான் பிரைவேட் லிமிடெட்டுக்கு மாறிய மாதம், கோயம்புத்தூர் நூல் மில்லுக்கு, "போன், ஆபீஸ், ஆள் எல்லாம் அதேதான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன். அவர்கள் பெயரை மட்டும் மாற்றி, பழைய ஜிஎஸ்டி எண்ணிலேயே 8 லட்சத்துக்கு நூல் பில் போட்டார்கள். வரி 5 சதவீதம், 40,000 ரூபாய். நாம் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் 2பி பட்டியலில், புதுக் கம்பெனிக்கு அது வரவேயில்லை. அதைக் கவனிப்பதற்குள் நூல் துணியாகிவிட்டது. மில் போட்டது இ-இன்வாய்ஸ். அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். அப்புறம் பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட், புது எண்ணில் புது பில். மில்லின் கணக்காளர், "எல்லாம் அதேன்னுதானுங்கண்ணா சொன்னீங்க" என்றார். பதில் சொல்ல வாயில்லை. அந்த ஒரு வரி இன்றைக்கும் உறுத்துகிறது.

கடிதத்தில் மாறாததையும் மாறியதையும் தனித்தனியே எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து புது எண்ணில் பில் வேண்டும், அனுப்பாமல் நிற்கும் ஆர்டருக்கு எந்த எண் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஜிஎஸ்டி சான்றிதழை இணையுங்கள்.

பேங்க் கணக்கை மெயிலில் மட்டும் சொல்வது

"கணக்கு எண் மாறிவிட்டது" என்று வரும் மெயிலை எந்தக் கணக்காளரும் சந்தேகப்படுவார், படவும் வேண்டும். "உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எங்கள் நம்பருக்குக் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள்" என்று எழுதுங்கள். தொடர்பு எண் மாறாதது உதவுவது இங்கேதான். ரத்து செய்த காசோலை ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.

பழைய கணக்கை உடனே மூடுவது

வேண்டாம். பழைய பில்லுக்கான காசோலை பழைய பெயரில்தான் வரும்.

முதலாளிக்கு மட்டும் சொல்வது

பில் போடுவது அவரல்ல.