ரெஸ்யூமேயின் முதல் பத்தி: புகழ்ச்சிச் சொற்களைத் திருத்தும்போது செய்யும் தவறுகள்

ஈரோட்டில் நூல் வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் 4 ஆண்டுகளாகக் கணக்கு உதவியாளராக இருக்கும் ஒருவர், கோயம்புத்தூரில் கணக்காளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ரெஸ்யூமேயின் மேற்பகுதியில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது: “கடின உழைப்பும் நேர்மையும் மிக்க, நுணுக்கமான, நேரம் தவறாத கணக்காளர். அழுத்தமான சூழலிலும் சிறப்பாகப் பணியாற்றக்கூடியவர். குழுவோடு இணைந்து செயல்படுபவர். புதியவற்றை விரைவாகக் கற்றுக்கொள்பவர். நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்கும் சவாலான பணியைத் தேடுகிறார்.”

இதிலுள்ள புகழ்ச்சிச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தால் ‘கணக்காளர்’ என்ற ஒரு சொல் மட்டுமே மிஞ்சும். எத்தனை ஆண்டு அனுபவம், எந்தத் தொழில், டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரியுமா, ஜிஎஸ்டி வேலை பார்த்திருக்கிறாரா என்பவற்றில் ஒன்றுகூட இல்லை. விண்ணப்பங்களைப் புரட்டுகிறவர் இந்தப் பத்தியை நம்பாமல் போவதில்லை. நம்புவதற்கோ மறுப்பதற்கோ அதில் எதுவும் இல்லாததால் கடந்து போய்விடுகிறார். தன்னைச் சோம்பேறி என்றோ கவனக்குறைவானவர் என்றோ யாரும் எழுதப்போவதில்லை என்பதால், அவற்றுக்கு எதிரான சொற்கள் ஒரு விண்ணப்பதாரரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

திருத்த உட்காருகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, ஒரு பெயரடையை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய பெயரடையை வைப்பது. ‘நுணுக்கமான’ என்பது ‘மிக உயர்ந்த துல்லியம் கொண்ட’ என்று மாறுவதால் எந்தப் பயனும் இல்லை. மாறாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக, அந்தக் குணம் இல்லாமல் செய்ய முடியாத வேலை எது, அதை எந்த மாதம், எந்தப் பதிவேட்டில், எவ்வளவு அளவில் செய்தேன் என்று எழுதிப் பார்க்க வேண்டும். பதில் கிடைத்தால் அந்தப் பதிலே பத்திக்குப் போகும், பெயரடை வெளியேறிவிடும்.

நம் கணக்கு உதவியாளரின் ‘நுணுக்கம்’ எங்கே இருக்கிறது என்று தேடினால், அது மாதந்தோறும் 14ஆம் தேதிக்குப் பிறகு நடக்கும் ஒரு வேலையில் இருக்கிறது. சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியலாக ஜிஎஸ்டிஆர்-2பி அன்று வெளியாகும்; 2022 ஜனவரி முதல், அதில் இடம்பெறாத பில்லுக்கு உள்ளீட்டு வரிக் கிரெடிட் எடுக்க, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள, முடியாது. ஆகவே அவர் ஏறக்குறைய 200 கொள்முதல் பில்களை டேலியிலுள்ள பதிவோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். பில் எண்ணைச் சப்ளையர் தவறாக அடித்திருப்பது, வேறொருவரின் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றியிருப்பது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டிருப்பது போன்றவற்றைக் கண்டுபிடித்து, அந்தக் கிரெடிட்டைத் தனியே குறித்துவைத்துவிட்டு, சப்ளையரிடம் பேசித் திருத்தச் செய்கிறார். கணக்குத் துறையில் இருக்கும் எவருக்கும் இந்த வேலையைப் படித்த உடனே இவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். ‘நுணுக்கமானவர்’ என்று சொல்ல வேண்டிய தேவையே எழாது.

‘நேரம் தவறாத’ என்ற சொல்லுக்கும் சான்று இருக்கிறது. ஆனால் இங்கேதான் இன்னொரு தவறு காத்திருக்கிறது. மாதாந்திரத் தாக்கலில், விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதியும், வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதியும் கெடு. தாமதித்தால், வரி செலுத்த வேண்டியிருக்கும் கணக்குக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு. எனவே ‘2 ஆண்டுகளாகத் தாமதக் கட்டணம் இல்லாமல் தாக்கல் செய்தேன்’ என்று எழுதத் தோன்றும். உண்மையில் தாக்கல் செய்வது ஆடிட்டர் அலுவலகமாக இருந்தால், அந்த வாக்கியம் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும். ‘விற்பனை, கொள்முதல் விவரங்களைச் சரிபார்த்து மாதந்தோறும் 8ஆம் தேதிக்குள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்’ என்பது சிறிய கூற்றுதான். ஆனால் அது முழுவதும் அவருடையது, எத்தனை கேள்வி கேட்டாலும் நிற்கக்கூடியது.

‘விரைவாகக் கற்றுக்கொள்பவர்’ என்பதற்கு ஒரு தேதியே போதும். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல், பில்லை அரசின் இணையதளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் முறை கட்டாயமானது. அவருடைய நிறுவனமும் அந்த வரம்புக்குள் வந்தபோது, டேலியில் அதற்கான அமைப்பைச் செய்து பில்லிங் பிரிவினருக்குப் பழக்கியவர் அவரே என்றால், கற்றதும் கற்பித்ததும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். ‘குழுவோடு இணைந்து’ என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாச் சொல்லுக்கும் சான்று கிடைக்காது. ‘அழுத்தமான சூழல்’, ‘கடின உழைப்பு’ ஆகியவற்றுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால் நீக்கிவிடலாம், இழப்பதற்கு ஒன்றுமில்லை. ‘நேர்மை’ என்பது தானே சொல்லிக்கொள்ளும்போது சற்றுச் சந்தேகத்தைக்கூட எழுப்பும் சொல். அவரிடம் சில்லறைச் செலவுக் கணக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தால் அந்தப் பொறுப்பைக் குறிப்பிடலாம். கடைசி வரியான ‘சவாலான பணியைத் தேடுகிறார்’ என்பது வேலை கொடுப்பவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

திருத்திய பத்தி ஏறத்தாழ இப்படி அமையும்:

“நூல் வணிக நிறுவனத்தில் 4 ஆண்டு அனுபவமுள்ள கணக்கு உதவியாளர். டேலி பிரைமில் மாதம் சுமார் 200 கொள்முதல் பில்களைப் பதிவு செய்து, ஜிஎஸ்டிஆர்-2பியுடன் ஒப்பிட்டு, முரண்பாடுகளைச் சப்ளையர்களிடம் பேசித் தீர்க்கிறேன். ஜிஎஸ்டி விவரங்களை மாதந்தோறும் 8ஆம் தேதிக்குள் ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தயாரித்து அளிக்கிறேன். 2023இல் இ-இன்வாய்ஸ் முறையை அமைத்து, பில்லிங் பிரிவினருக்குப் பயிற்சி அளித்தேன்.”

இங்கே நாலே வாக்கியங்கள்தான் உள்ளன. சான்று கிடைத்த உற்சாகத்தில் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, டிடிஎஸ், சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் இதே பத்தியில் திணிப்பதும் ஒரு தவறு. விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரத்தில் எது கேட்கப்பட்டிருக்கிறதோ அதற்குப் பொருந்தும் இரண்டு மூன்று மட்டும் மேலே இருக்கட்டும். மற்றவை கீழே பணி அனுபவப் பகுதிக்குப் போகட்டும். மேலே சொன்ன ஒவ்வொன்றும் அந்தப் பகுதியிலும், எந்த நிறுவனத்தில் எந்தக் காலத்தில் என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். அங்கே இல்லாத ஒன்று மேலே மட்டும் நின்றால், அதுவும் பழைய பெயரடையைப் போலவே ஆதாரமற்றதாகிவிடும்.

எண்கள் குறித்து ஓர் எச்சரிக்கை. ‘செயல்திறனை 40 சதவீதம் உயர்த்தினேன்’ என்ற வகை வாக்கியங்கள் இப்போது பெருகிவிட்டன. எதன் செயல்திறன், முன்பு எவ்வளவு, யார் அளந்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதில். இவையும் புகழ்ச்சிச் சொற்கள்தான், எண்ணின் உடையில் வந்திருக்கின்றன. எண்ணிப் பார்க்கக்கூடிய பில்கள், தேதிகள், கணக்குகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. தோராயமானதைச் ‘சுமார்’ என்றே எழுதலாம். அதே வேளையில், இப்போதைய நிறுவனத்தின் விற்பனைத் தொகையையும் சப்ளையர்களின் பெயர்களையும் எழுதக்கூடாது. அவற்றை வெளியில் சொல்கிறவரிடம் தன் கணக்கை ஒப்படைக்க எந்த முதலாளியும் தயங்குவார்.

இப்போதுதான் பி.காம் முடித்தவருக்கு இவ்வளவு சான்று இருக்காது. அவர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தபோது எத்தனை வாடிக்கையாளர்களின் கணக்கைப் பதிவு செய்தார், டேலியில் எதைத் தனியாகச் செய்ய முடியும், எதை மேற்பார்வையில் செய்தார் என்று இரண்டு வாக்கியங்களில் எழுதினால் போதும். அதற்கும் வழியில்லை என்றால் இந்தப் பத்தியையே விட்டுவிட்டு, கல்வித் தகுதியை மேலே கொண்டுவந்து வைக்கலாம்.