கிரய ஒப்பந்தத்தில் ‘உட்பட்டு’ எதோடு ஒட்டுகிறது என்று பார்ப்பது எப்படி?

மனை வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒரே ஒரு வார்த்தைக்காக மூன்று மாதம் அலைந்தவன் நான். அந்த வார்த்தை ‘உட்பட்டு’. இதுதான் எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த வரி:

“வங்கிக் கடன் கிடைப்பதற்கும் பட்டா மாறுதலுக்கும் உட்பட்டு, வாங்குபவர் 90 நாட்களுக்குள் மீதித் தொகையைச் செலுத்திக் கிரயம் பெற்றுக்கொள்ள வேண்டியது, தவறினால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது.”

விலை 24 லட்சம், அட்வான்ஸ் 2 லட்சம். பட்டா விற்பவரின் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது, அதனால் வங்கி கடன் தரவில்லை. நிபந்தனை நடக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். விற்பவரோ, உட்பட்டு என்பது பணம் கட்டுவதற்கு மட்டும்தான், கடைசிக் காற்புள்ளிக்குப் பிறகு வருவது தனி வாக்கியம், 90 நாள் தவறியது நீங்கள்தான் என்றார். வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள், அவர் சொல்வதற்கும் இடம் இருக்கிறது.

முதல் வேலை, வரியை ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதுவது. வேர்டில் திருத்தக் குறிகளோடு செய்து பார்த்தேன், எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு நிறப் பேனா போதும். நிபந்தனைகளுக்கு நீலத்தில் அடிக்கோடு, விளைவுகளுக்குச் சிவப்பில் வட்டம். விளைவு என்றால் யாரோ எதையோ செய்ய வேண்டும், இழக்க வேண்டும் என்று சொல்லும் வினை. இங்கே நீலம் இரண்டு, சிவப்பு மூன்று: பணம் செலுத்துவது, கிரயம் பெறுவது, அட்வான்ஸ் போவது.

அடுத்தது கோடு இழுப்பது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ‘உட்பட்டு’ ஒரு வினையெச்சம், தனக்குப் பின்னால் வரும் ஏதோ ஒரு வினையில் போய் ஒட்டியாக வேண்டும், ஆனால் எதில் என்று அது சொல்லாது. ஒவ்வொரு நீலத்திலிருந்தும் எந்தச் சிவப்புக்குக் கோடு போகிறது என்று பாருங்கள், கோடு இரண்டு விதமாகப் போக முடிந்தால் அந்த வரி உதவாது. (“பிரிவு 9-க்கு உட்பட்டு” என்று வந்தால் அது வேறு கதை: இரண்டு பிரிவும் மோதினால் 9 தான் செல்லும் என்று பொருள், நிபந்தனை இல்லை. அதை நீலமாக்காதீர்கள்.)

மூன்றாவதாக, ஒவ்வொரு நிபந்தனையும் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். கடன் வங்கி கையில், அது நிகழ்ச்சி. பட்டா விற்பவர் முயற்சி செய்தால்தான் நடக்கும், ஆக அது அவருடைய கடமை. அதை வெறும் நிபந்தனையாக எழுதினால், அவர் சும்மா உட்கார்ந்துவிட்டு, பட்டா மாறவில்லை, ஒப்பந்தம் போச்சு என்று நழுவப் பார்ப்பார். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 35-ஆம் பிரிவுப்படி, குறித்த காலத்துக்குள் ஒரு நிகழ்ச்சி நடந்தால் என்று செய்த ஒப்பந்தம், அந்தக் காலம் முடிந்தும் அது நடக்காவிட்டால் செல்லாததாகிவிடும். 65-ஆம் பிரிவு அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் நிபந்தனை மொத்த ஒப்பந்தத்துக்கா, ஒரு கடமைக்கு மட்டுமா என்று வரி சொல்லாவிட்டால், அந்தப் பிரிவுகள் நமக்குப் பொருந்துமா என்பதே வழக்காகிவிடும்.

கடைசியில் திருத்தி எழுதுவது. ‘உட்பட்டு’வை நான் முழுக்க எடுத்துவிடுவேன், ஒரு விளைவுக்கு ஒரு வாக்கியம்:

“விற்பவர் தன் செலவில் 45 நாட்களுக்குள் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி நகல் தர வேண்டும். வாங்குபவர் 15 நாட்களுக்குள் 15 லட்சம் ரூபாய் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டா நகல், கடன் அனுமதிக் கடிதம் இரண்டும் கிடைத்த பின்னரே, இரண்டில் பிந்தியது கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், வாங்குபவர் மீதியைச் செலுத்த வேண்டும். அப்படி இரண்டும் கிடைத்தும் அவர் செலுத்தாவிட்டால் மட்டுமே அட்வான்ஸை இழப்பார். ஒப்பந்தத் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் வாங்குபவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். விற்பவர் 15 நாட்களில் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும்.”

நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று கவனியுங்கள். பழைய வரியில் 90 நாளும் கையெழுத்திலிருந்தே ஓடியது, பட்டா வர 100 நாள் ஆனாலும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு நிபந்தனையாக ‘நடக்கவில்லை’ என்று வைத்துக்கொண்டு, அட்வான்ஸ் இப்போது யாரிடம் என்று வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். அவர் வரியைக் காட்டிப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடன் கிடைக்கவில்லை, நகையை வைத்துப் பணம் புரட்டிவிட்டார். அதற்குள் மனை விலை ஏறிவிட்டதால், கடன் நிபந்தனை நிறைவேறவில்லையே, ஒப்பந்தம் முடிந்தது என்கிறாராம் விற்பவர். இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது இந்த வரியையும் சேர்க்கிறேன்: “கடன் நிபந்தனை வாங்குபவரின் நன்மைக்காக மட்டுமே, அவர் எழுத்து மூலம் அதை விட்டுக்கொடுக்கலாம், அப்போது கடிதம் கொடுத்த நாளே கடன் அனுமதி கிடைத்த நாளாகும்.”