மங்கிய பில்லும் ஃபிரிட்ஜ் ஸ்டிக்கரும்

2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். காப்பீடு இருந்தது. சர்வேயர் வந்து ஃபிரிட்ஜ் பில்லைக் கேட்டார். பீரோவில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எடுத்தால் வெறும் வெள்ளைத்தாள்! வெப்பத்தால் அச்சாகும் தாள், மதுரை வெயிலுக்கு எப்படித் தாங்கும்? நல்லவேளை, கடையில் என் போன் எண்ணை வைத்துத் தேடி மறுநகல் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒரு ஞாயிறு முழுக்க வீட்டுப் பொருள்களைப் படமெடுத்து வைப்பதற்கே போனது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று படம்: அறையோடு சேர்த்து ஒன்று, சீரியல் எண் ஸ்டிக்கர் கிட்டத்தில் ஒன்று, பில் ஒன்று. அறையோடு எடுத்தால்தான் பொருள் நம் வீட்டில் இருந்தது தெரியும். ஸ்டிக்கரைத் தேடுவதுதான் பாடு. ஃபிரிட்ஜில் உள்பக்கச் சுவரில் இருந்தது, டிவியில் முதுகில். ஏசிக்கு அறைக்குள் இருக்கும் யூனிட்டில் ஒன்று, மாடியில் இருக்கும் யூனிட்டில் வேறொன்று. இரண்டு எண்ணும் வேண்டும். படத்தில் எழுத்து மங்கினால் எண்ணைத் தட்டச்சு செய்து, பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டேன். மிக்சி பில்லில் ஓர் இலக்கம் தப்பு. கடையிலேயே திருத்தி வாங்கினேன்.

எல்லாம் இப்போது கூகுள் டிரைவில். போனில் மட்டும் வைத்திருந்தால் அடுத்த வெள்ளத்தில் அதுவும் தண்ணீரில் போய்விடலாம். சென்னையில் இருக்கும் தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.