ஓ.டி. பணம் குறைகிறது என்று புகார் வந்தால்: பதில் எழுதும்போது செய்யக்கூடாதவை

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் சில வருடங்கள் இருந்தேன். சம்பளம் போட்ட மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் சீட்டும் கையுமாக நிற்பார்கள். பாதிப் பேருக்கு ஓ.டி.தான் பிரச்சினை. அப்படி ஒரு நாள், அப்பர் தைக்கும் பிரிவில் வேலை செய்த ஓர் அக்கா வந்து நின்றார். "இன்னா சார், இருபத்தி நாலு மணி நேரம் ஓ.டி. பாத்துருக்கேன், சீட்டுல பதினெட்டுன்னு போட்டு வச்சிருக்கீங்க. அந்தப் பதினெட்டுக்கும் துட்டு சரியில்லியே" என்றார்.

நான் செய்த முதல் தவறு, அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே புகாராக எடுத்துக்கொண்டது. எண்ணிக்கையைப் பற்றி மட்டும் "பஞ்ச் பதிவுப்படி 18 மணி நேரமே உள்ளது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். மெஷின் சொல்வதைத் திருப்பிச் சொல்வது பதிலாகாது. அந்த மெஷின் கணக்கைத்தானே அவர் தவறு என்கிறார்? மணி நேரம் எத்தனை என்பது ஒரு கேள்வி, மணிக்கு எவ்வளவு என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றையும் வேறொரு தாளோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். அவர் அந்த வரியைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்த பிறகுதான் நான் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் ரேட். அவருக்கு மாதம் பேசிக் 9,100 ரூபாய், பஞ்சப்படி 3,900, ஆக 13,000. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 500, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 62.50. ஓ.டி.க்கு அதில் இரட்டிப்பு, அதாவது 125. சீட்டில் போயிருந்ததோ 87.50. எங்கிருந்து வந்தது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அக்கவுண்ட்ஸ் தம்பிதான் சொன்னான்: "சார், பேசிக்கை மட்டும் டபுள் பண்ணியிருக்கு." 9,100-ஐ 26-ஆலும் எட்டாலும் வகுத்தால் 43.75, அதன் இரட்டிப்பு 87.50. பஞ்சப்படி, அதாவது டி.ஏ., கணக்கிலேயே சேரவில்லை. இது பல இடங்களில் இருக்கும் தவறு. அன்று எங்களுக்குப் பொருந்திய 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-வது பிரிவு, வழக்கமான சம்பள விகிதத்தில் இரு மடங்கு என்கிறது. அந்த வழக்கமான விகிதத்தில் பேசிக்கோடு படிகளும் சேரும், போனஸும் ஓ.டி. பணமும்தான் சேராது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் இரட்டிப்பு இரட்டிப்பாகத்தான் இருக்கிறது, சம்பளம் என்ற சொல்லுக்குள் பஞ்சப்படியும் இருக்கிறது. ஆகவே "கம்பெனி பாலிசிப்படி பேசிக்குக்கு மட்டும்" என்று பதிலில் எழுதினால், நம் தவறை நாமே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட மாதிரி.

அப்புறம் மணி நேரம். 24-க்கும் 18-க்கும் நடுவே இருந்த ஆறு மணி நேரத்தைத் தேதிவாரியாகப் பிரித்தேன். ஒரு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கிறார். ஒரு நாளில் 9 மணி நேரத்தைத் தாண்டினால்தான் ஓ.டி. என்று சாஃப்ட்வேரில் வைத்திருந்தார்கள், அவர் சரியாக ஒன்பதில் நின்றதால் மூன்று மணி நேரமும் விழுந்துவிட்டது. ஆனால் சட்டத்தில் இன்னொரு வாசலும் உண்டு: வாரத்துக்கு 48 மணி நேரம். ஆறு நாளும் எட்டெட்டு மணி நேரம் முழுதாக வந்தவருக்கு அதற்கு மேல் பார்த்த ஒவ்வொரு மணி நேரமும் ஓ.டி.தான். அவருக்கு அந்த வாரம் 51. (அதே வாரத்தில் ஒரு நாள் லீவு எடுத்திருந்தால் கதை வேறு, 48-ஐத் தொட்டிருக்கவே மாட்டார்.)

அடுத்த இரண்டு மணி நேரம் ஒரு மாலை பஞ்ச் ஆகாமல் போனது. எட்டு மணிக்கு லைன் விட்டதும் பேரணாம்பட்டு போகிற கம்பெனி பஸ் கிளம்பிவிடும், மெஷின் முன்னால் வரிசையில் நின்றால் பஸ் போச்சு. சூப்பர்வைசரின் ஓ.டி. ஸ்லிப்பில் அவர் டோக்கன் நம்பர் இருந்தது. பஞ்ச் இல்லை என்பதாலேயே வேலை நடக்கவில்லை என்று எழுதிவிடக்கூடாது.

மீதி ஒரு மணி நேரம் அவர் கணக்கில் வந்த பிசகு. ஐந்தரைக்கு ஷிப்டு முடிந்து ஆறு வரை டீ, பிறகு ஆறிலிருந்து எட்டு வரை ஓ.டி. இரண்டு நாள் அவர் ஐந்தரையிலிருந்தே எண்ணியிருக்கிறார். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். புகாரில் ஒரு சின்னப் பிழை கிடைத்தால் அதையே முதல் வரியாக்கிவிடுவார்கள். கொடுக்க வேண்டியதை முதலில் சொல்லிவிட்டு, கொடுக்க முடியாததைக் காரணத்தோடு கடைசியில் சொன்னால் ஆள் அதையும் படிப்பார்.

"அடுத்த மாதச் சம்பளத்தில் சரிசெய்யப்படும்" என்று எழுதுவதும் தவறு. எந்தத் தேதி, எவ்வளவு என்று இல்லாத வாக்குறுதிக்கு ஜன்னலுக்கு வெளியே மதிப்பு கிடையாது. அதேபோல், "இனி கோரிக்கை ஏதும் இல்லை" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பது. எங்கள் மேனேஜர் ஒருவருக்கு அதில் ரொம்ப ஆசை. பாக்கிப் பணத்துக்கு எதற்கு விடுதலைப் பத்திரம்? பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து போதும். பணத்துக்குப் பதில் ஒரு நாள் லீவு தருகிறோம் என்பதும் வேண்டாம், அவர் கேட்டது லீவு இல்லை.

கடைசியில் கொடுத்த பதில் இது. தமிழில், ஒரே பக்கம்:

"நீங்கள் 8-ம் தேதி கொடுத்த புகாரைச் சரிபார்த்தோம். மணிக்கு ரூ.87.50 என்று கணக்கிட்டது தவறு. பஞ்சப்படியும் சேர்த்து ரூ.125 வர வேண்டும். 18 மணி நேரத்துக்கு இந்த வித்தியாசம் ரூ.675. விடுபட்ட 5 மணி நேரத்துக்கு ரூ.625. மொத்தப் பாக்கி ரூ.1,300, வரும் 15-ம் தேதி உங்கள் வங்கிக் கணக்கில் வரவாகும். டீ இடைவேளை என்பதால் இரண்டு நாளில் அரை அரை மணி நேரம் சேர்க்கப்படவில்லை. தேதிவாரிக் கணக்கு பின்பக்கம் உள்ளது. அதில் தவறு தெரிந்தால் டைம் ஆபீஸில் சொல்லவும்."

ஒரு விஷயத்தைக் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் அதுதான் பெரிய வேலையாக இருந்தது. பஞ்ச் விடுபட்டது அவருக்கு மட்டும் நடந்தது. ரேட் தவறு எல்லோருக்கும் நடந்தது. டி.ஏ. வாங்கும் ஒவ்வொருவருடைய ஓ.டி.யும் அதே ஃபார்முலாவில்தான் போயிருந்தது. கேட்டவருக்கு மட்டும் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பஸ்ஸில் பேரணாம்பட்டு போய்ச் சேருவதற்குள் மொத்த லைனுக்கும் தெரிந்துவிடும் என்றேன். பழைய மாதங்களையும் எடுத்து எல்லோருக்கும் போட்டோம்.

அந்த அக்கா கடிதத்தை நின்றபடியே படித்தார். பின்பக்கத்தைத் திருப்பி ஒரு தேதியில் விரலை வைத்தார். "இந்த அன்னிக்கு எங்க சார் டீக்கு உட்டீங்க? அர்ஜென்ட் ஆர்டர்னு லைன் ஓடிக்கினே இருந்துச்சே." அந்த நாளின் புரொடக்‌ஷன் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் அவர் மெஷினில் ஜோடிக் கணக்கு ஏறியிருந்தது. பாக்கியை 1,362.50 என்று திருத்தி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.