தாமதமாக அனுப்பிய தகவல்

மணி 9:10. அலுவலகம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியும், பாலத்தடியில் முழங்கால் அளவு தண்ணீருக்கு முன்னால் வண்டியோடு நின்றிருந்தேன். 8:30-க்கே வெள்ளத்தைப் பார்த்துவிட்டேன். வடிந்துவிடும் என்று நம்பி, யாருக்கும் சொல்லவில்லை.

கண்காணிப்பாளருக்கு 'இப்போதுதான் மாட்டிக்கொண்டேன்' என்று எழுதி, அழித்தேன். பிறகு அனுப்பியது இது: 'ஐயா, பாலத்தடியில் வெள்ளம். 8:30-க்கே தெரியும், அப்போதே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். சுற்றுவழியில் வர 10:15 ஆகும். 10 மணித் தபால்கள் என் மேசையின் இடது இழுப்பறையில் இருக்கின்றன. இரண்டில் உங்கள் கையொப்பம் மட்டும் பாக்கி.'

'சரி' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. (அந்தச் 'சரி' வழியெல்லாம் வயிற்றைக் கலக்கியது.)

போய்ச் சேர்ந்தபோது தபால்கள் கிளம்பியிருந்தன. வருகைப் பதிவேட்டில் தாமதக் குறியும் விழுந்திருந்தது, நியாயம்தான். மாலையில் கண்காணிப்பாளர் தபால் அறைச் சாவியை என்னிடம் நீட்டினார்: "இனி இது உங்களிடமே இருக்கட்டும்."