50 நியூட்டனும் 30 நியூட்டனும் சேர்ந்தால் எவ்வளவு? தொகுபயன் விசையை வரைந்து கண்டுபிடிக்கும் முறை

அக்கா மகளின் பதினொன்றாம் வகுப்பு நோட்டில் இருந்த கணக்கு இது. ஒரு வளையத்தை 50 நியூட்டன் விசை கிடைமட்டமாக வலப்பக்கம் இழுக்கிறது. அதற்கு 60° மேலே சாய்ந்த திசையில் 30 நியூட்டன் விசை அதே வளையத்தை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து என்ன விளைவைத் தருமோ, அதைத் தனியாகவே தரக்கூடிய ஒற்றை விசை எது? அந்த விசைக்குத்தான் தொகுபயன் விசை என்று பெயர். இணைகரம் வரைந்து பார்த்ததில் அவளுக்கு 70 நியூட்டன் வந்தது. முக்கோணம் வரைந்ததில் 43.5 வந்தது. இரண்டு முறையும் ஒரே விடையைத்தான் தர வேண்டும். பிறகு ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் படியை மட்டும் கீழே நிதானமாக விளக்கியிருக்கிறேன். மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

என்னென்ன வேண்டும்

0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில், 30 செ.மீ. அளவுகோல், பாகைமானி, கவராயம். இணைகோடு வரைய இரண்டு மூலைமட்டங்களை ஒன்றோடொன்று உரசி நகர்த்துவதுதான் வகுப்பில் சொல்லித்தரும் வழி. எனக்கு அது பிடிக்காது. நகர்த்தும்போது மட்டம் லேசாக விலகினாலும் நமக்குத் தெரியாது. கவராயம் அப்படி ஏமாற்றாது. கோடு போடாத வெள்ளைத் தாளே நல்லது. கோடு போட்ட தாளில் கண் அந்தக் கோடுகளையே பின்தொடரும்.

அளவுத்திட்டம்

1 செ.மீ. = 10 நியூட்டன் என்று வைத்தால் படம் சிறியதாக வரும். அளப்பதில் 1 மி.மீ. தவறினால் விடையில் 1 நியூட்டன் போய்விடும். 1 செ.மீ. = 5 நியூட்டன் என்று வைத்தால் அதே 1 மி.மீ. பிழை அரை நியூட்டன்தான். தாளில் இடமிருக்கும் வரை படத்தைப் பெரிதாகவே வரையுங்கள். நம் கணக்கில் 50 நியூட்டன் 10 செ.மீ. ஆகிறது, 30 நியூட்டன் 6 செ.மீ. ஆகிறது. அளவுத்திட்டத்தைத் தாளின் மேல் மூலையில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இணைகர முறை

தாளின் இடது ஓரத்தில், கீழ்ப்பக்கமாக O என்ற புள்ளியைக் குறியுங்கள். வளையம் இருக்கும் இடம் அதுதான். O-விலிருந்து வலப்பக்கம் 10 செ.மீ. கோடு வரைந்து முனைக்கு A என்று பெயரிட்டு, A-யில் அம்புத்தலை போடுங்கள். பாகைமானியின் மையத்தை O-வில் வைத்து 60° குறித்து, அந்தத் திசையில் 6 செ.மீ. கோடு OB வரையுங்கள். இரண்டு அம்புகளின் வால்களும் O-வில் சேர்ந்திருக்க வேண்டும். இணைகர முறைக்கு அடிப்படையே இந்தச் சேர்க்கைதான்.

இனி நான்காவது மூலை. கவராயத்தை 6 செ.மீ. விரித்து, A-யை மையமாக வைத்து ஒரு வில் போடுங்கள். பிறகு 10 செ.மீ. விரித்து, B-யை மையமாக வைத்து இன்னொரு வில். இவை இரண்டு இடங்களில் வெட்டும். A-யையும் B-யையும் இணைக்கும் கோட்டைக் கற்பனை செய்துகொண்டு, அதற்கு O இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் உள்ள வெட்டுப்புள்ளியை எடுங்கள். அதுவே C. AC, BC இரண்டையும் இணைத்தால் இணைகரம் முடிந்தது.

O-விலிருந்து C-க்கு மூலைவிட்டம் போட்டு அளந்தால் 14 செ.மீ. வரும். 14-ஐ 5-ஆல் பெருக்கினால் 70 நியூட்டன். கோணம் AOC-யை அளந்தால் 22°-க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். திசையைச் சொல்லாமல் 70 நியூட்டன் என்று மட்டும் எழுதினால் அது பாதி விடைதான். "50 நியூட்டன் விசையிலிருந்து, 30 நியூட்டன் விசையின் பக்கமாக, ஏறத்தாழ 22°" என்று எழுத வேண்டும். மூலைவிட்டம் 60°-ஐ இரண்டு 30°-களாகச் சரிபாதியாகப் பிரிக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு விசைகளும் சமமாக இருந்தால் மட்டுமே அப்படிப் பிரிக்கும். மற்றபடி அது பெரிய விசையின் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முக்கோண முறை: 43.5 எங்கிருந்து வந்தது

முக்கோண முறையில் இரண்டாவது அம்பின் வாலை முதல் அம்பின் தலையில் வைக்கிறோம். OA 10 செ.மீ. வரைந்தாயிற்று. இப்போது A-யிலிருந்து 6 செ.மீ. கோடு கிளம்ப வேண்டும். எந்தக் கோணத்தில்?

கணக்கில் 60° என்று இருப்பதால், பாகைமானியின் மையத்தை A-யில் வைத்து, AO கோட்டிலிருந்து 60° அளந்து வரையத் தோன்றும். அவளும் அப்படித்தான் செய்திருந்தாள். அப்படி வரைந்தால் அந்த அம்பு மேலே ஏறி, O இருக்கும் இடப்பக்கமாகத் திரும்பி வரும். ஆனால் கணக்கில் 30 நியூட்டன் விசை வலப்பக்கம் மேலாக அல்லவா இழுக்கிறது! இழுக்கும் திசையையே மாற்றிவிட்டோம்.

வெக்டரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தலாம், ஆனால் திருப்பக் கூடாது. OB எந்தத் திசையில் இருந்ததோ, A-யிலிருந்து கிளம்பும் கோடும் அதே திசையில், அதற்கு இணையாக இருக்க வேண்டும். அதற்கு இப்படிச் செய்யுங்கள். OA-வை A-யைத் தாண்டி இன்னும் ஒரு 5 செ.மீ. புள்ளிக்கோடாக நீட்டுங்கள். பாகைமானியின் மையத்தை A-யில் வைத்து, அதன் 0° அந்த நீட்டிய புள்ளிக்கோட்டின் மேல் படும்படி வையுங்கள். அங்கிருந்து 60° குறியுங்கள். அந்தத் திசையில் 6 செ.மீ. வரைந்தால் C கிடைக்கும். முக்கோணத்துக்கு உள்ளே A-யில் இருக்கும் கோணம் இப்போது 120°. விசைகளுக்கு இடையே 60° என்றால் முக்கோணத்துக்குள் 180 − 60 = 120° என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

அரைவட்டப் பாகைமானியில் எண்கள் இரண்டு வரிசையாக, எதிரெதிர்த் திசையில் ஓடும். 60-க்கு நேராக 120 எழுதியிருப்பதால், தவறான வரிசையைப் படித்தாலும் இதே சிக்கல்தான் வரும். குறித்தவுடன், "இந்தக் கோடு OB போலவே வலப்பக்கம் மேலே போகிறதா?" என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது O-வையும் C-யையும் இணைத்து அளந்தால் அதே 14 செ.மீ., அதே 70 நியூட்டன். வியப்பில்லை. இந்த முக்கோணம், முன்பு வரைந்த இணைகரத்தின் கீழ்ப்பாதியேதான். முதலில் 6 செ.மீ., பிறகு 10 செ.மீ. என்று வரிசையை மாற்றி வரைந்தால் மேல்பாதி கிடைக்கும். OC மாறாது.

அம்புத்தலையிலும் கவனம் வேண்டும். OC-யின் அம்பு, கிளம்பிய O-விலிருந்து முடிந்த C-யை நோக்கி இருக்க வேண்டும். மூன்று அம்புகளும் ஒன்றையொன்று துரத்துவதுபோல் சுற்றி வந்தால், நீங்கள் வரைந்தது தொகுபயன் இல்லை. அது வளையத்தை நகரவிடாமல் நிறுத்தி வைக்கும் சமன்செய்யும் விசை. அளவு 70 நியூட்டன்தான், திசை நேரெதிர்.

விடை தவறு என்று எப்படித் தெரிந்துகொள்வது

இரண்டு விசைகளின் தொகுபயன், அவற்றின் கூடுதலுக்கு மேலேயும் வேறுபாட்டுக்குக் கீழேயும் போகாது. இங்கே 80-க்கும் 20-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் 43.5 இந்த எல்லைக்குள்ளேயே இருப்பதால் இந்தச் சோதனை அதைப் பிடிக்காது.

பிடிக்கும் சோதனை வேறு. விசைகளுக்கு இடையேயான கோணம் 90° அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், தொகுபயன் இரண்டு விசைகளில் பெரியதைவிடவும் பெரியதாக இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் அப்போது முக்கோணத்துக்குள் A-யில் இருப்பது 90° அல்லது அதற்கு மேற்பட்ட கோணம். முக்கோணத்தின் மிகப் பெரிய கோணம் அதுதான். அதற்கு எதிரே உள்ள OC-தான் மிக நீண்ட பக்கம். 43.5 என்பது 50-ஐவிடச் சிறியது என்று பார்த்த உடனேயே படத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

அந்த 43.5-க்கும் ஓர் அர்த்தம் உண்டு. இணைகரத்தில் A-யையும் B-யையும் இணைக்கும் மற்ற மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள், 8.7 செ.மீ. இருக்கும். அது இரண்டு வெக்டர்களின் வேறுபாடு. கூட்டச் சொன்ன இடத்தில் கழித்திருக்கிறோம்.

சூத்திரத்தால் சரிபார்க்க:

```
R = √(P² + Q² + 2PQ cos θ)
  = √(2500 + 900 + 1500) = √4900 = 70
tan α = Q sin θ / (P + Q cos θ) = 25.98 / 65
α ≈ 21.8°
```

கையால் வரைந்த படத்தில் 69-க்கும் 71-க்கும் இடையில் வந்தால் நல்ல வரைவு. 60°-ஐக் குறிப்பதில் ஒரு பாகை பிசகினாலும் விடை 0.3 நியூட்டன் அளவுக்குத்தான் மாறும். எனவே 43 போன்ற விடை வந்தால் "கை பிசகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். படம் வரைந்த முறையிலேயே தவறு இருக்கிறது.

கணினியில் பார்க்க வேண்டுமென்றால் ஜியோஜீப்ரா போதும். உள்ளீட்டுப் பெட்டியில் ஒவ்வொரு வரியாகத் தட்டுங்கள்:

```
O = (0, 0)
A = (50, 0)
B = (30; 60°)
C = A + B
Distance(O, C)
Angle(A, O, C)
```

B-யில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். நீளமும் கோணமும் தருகிறோம் என்று அதற்குப் புரிய வைப்பது அந்தக் குறிதான். தாளில் வரைந்து முடித்த பிறகு இதைத் திறப்பதே நல்லது.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் வந்த கேள்வி

"எங்கள் கணக்கிலும் 50, 30, 60°தான். ஆனால் விடைப் பக்கத்தில் 43.6 என்று போட்டிருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். விடைப் பக்கத்தில் இருப்பது சரிதான்.

அந்தப் படத்தில் 50 நியூட்டன் வளையத்தை வலப்பக்கம் இழுக்கிறது. 30 நியூட்டன் அம்பும் வலப்பக்கம் மேலேதான் வரைந்திருக்கிறது, 60° குறியும் இருக்கிறது. ஆனால் அந்த அம்பின் தலை வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதாவது அது இழுக்கும் விசை இல்லை, ஒரு கம்பால் வளையத்தைத் தள்ளும் விசை. தள்ளும் அம்பை அதே நேர்கோட்டில் வளையத்தைத் தாண்டி நகர்த்தி, அதன் வால் O-வில் வரும்படி வையுங்கள். ஒரு விசையை அதன் செயல்கோட்டிலேயே முன்னும் பின்னும் நகர்த்தினால் தொகுபயன் மாறாது. இப்போது அது இடப்பக்கம் கீழே பார்க்கிறது. இரண்டு அம்புகளுக்கும் இடையே உண்மையான கோணம் 120°.

ஆகவே படத்தில் எழுதியிருக்கும் கோணத்தை நம்பி வரையத் தொடங்க வேண்டாம். முதலில் இரண்டு வால்களையும் O-வில் சேருங்கள், பிறகு கோணத்தைப் படியுங்கள். 120° விரிகோணம் என்பதால் தொகுபயன் 50-ஐவிடச் சிறியதாக வருவதில் தவறில்லை. இந்தக் கணக்கின் விடை 43.6 நியூட்டன், 50 நியூட்டன் விசையிலிருந்து 36.6° கீழ்நோக்கி.