நாட்பட்ட வலியும் சோர்ந்த மனமும்: ஏற்புப் பயிற்சிகளில் நேரும் தவறுகள்

மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் வலியோடு மனச்சோர்வும் உள்ளவர்களில், ஏற்பு மற்றும் செயலுறுதிச் சிகிச்சையின் பயிற்சிகளை வீட்டில் செய்யத் தொடங்கியிருப்பவர்களுக்காக இந்தத் தாள் எழுதப்பட்டுள்ளது. வைத்தியர் பரிசோதித்து, உடனடியாகச் சிகிச்சை செய்ய வேண்டிய நோய் எதுவும் இல்லை என்று கூறிய பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும்.

கிளினிக்கில் நான் அதிகமாகக் காணும் தவறு, பயிற்சியை மாத்திரையைப் போல எடுத்துக்கொள்வது. வலியைக் கவனிக்கும் பயிற்சியில் நீங்கள் ஐந்து நிமிடம் அமர்ந்து, வலி உடம்பின் எந்த இடத்தில் இருக்கிறது, எதுவரை பரவியிருக்கிறது, அது எரிச்சலா இறுக்கமா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா நகர்கிறதா என்று பார்த்து, மூச்சு விடும்போது அந்த இடத்தைச் சுற்றியுள்ள இறுக்கத்தைத் தளரவிட்டு, அதை அங்கேயே இருக்க விடுகிறீர்கள். பயிற்சி முடிந்ததும் “இன்றைக்குச் சரிவரவில்லை, வலி அப்படியே இருக்கிறது” என்று தோன்றினால், வலியை விரட்டுவதற்காகவே அமர்ந்திருந்தீர்கள் என்பது தெரிந்துவிடும். சில நாட்களில் வலி குறையவும் கூடும். ஆனால் அதை எதிர்பார்த்து அமர்ந்தால், கவனம் முழுவதும் வலியை அளப்பதிலேயே போய்விடும். ஆகவே பயிற்சிக்கு முன்னும் பின்னும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடாதீர்கள். வலி இருந்தபோதே இன்று எதைச் செய்ய முடிந்தது என்பதை மட்டும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது தவறு நம் மொழியிலேயே ஒளிந்திருக்கிறது. “ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று நான் சொல்லும்போது, “தலையெழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்” என்று பலருக்குக் கேட்கிறது. மழையிலும் பனியிலும் மலையில் நின்று கொழுந்து பறித்தவர்களுக்குப் பொறுமையை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. பல்லைக் கடிப்பதும் வலியோடு நடத்தும் போராட்டமே. இங்கே கேட்கப்படுவது அந்தப் போராட்டத்தைச் சற்றுத் தளர்த்தி, மிஞ்சும் பலத்தை உங்களுக்கு முக்கியமான ஒன்றுக்குத் திருப்புவது.

அடையாளம் தெரியாதபடி பலருடைய அனுபவங்களைச் சேர்த்து ஓர் உதாரணம் தருகிறேன். நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி. வேலைக்குப் போவது குறைந்து, முழுப்பேர் கிடைக்கும் நாட்கள் அரிதாகி, பிறகு கோயிலுக்குப் போவதும் நின்று, பகலிலும் லயத்துக் காம்பராவில் படுத்தே இருந்தார். வலி குறைந்த ஒரு நாள் வந்ததும், விட்டுப்போன துணி முழுவதையும் பீலிக்கரையில் துவைத்து முடித்தார்; அடுத்த மூன்று நாட்கள் எழுந்திருக்க முடியவில்லை; “நான் எதற்கும் உதவாதவள்” என்ற எண்ணம் இன்னும் கெட்டியானது. எவ்வளவு செய்வது என்பதை வலியே தீர்மானித்ததுதான் இதில் நடந்த தவறு.

தனக்கு எது முக்கியம் என்று கேட்டபோது, பேத்திக்கு நல்ல அம்மாயியாக இருக்க வேண்டும் என்றார். பேத்தியைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கூட்டிச் செல்லும் பாதையில், மோசமான நாளிலும் நடக்கக்கூடிய தூரமாக மூன்று நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தோம். வலி குறைந்த நாளிலும் மூன்று நிமிடம்தான். வலி கூடிய நாளிலும் மூன்று நிமிடம்தான். படிக்கட்டில் வலி எழும்பும்போது, ஒரு மூச்சளவு நின்று அதைக் கவனித்துவிட்டு, குறித்த இடம்வரை நடந்து திரும்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினோம். ஆறாவது வாரத்தில் அவர் பிள்ளைக்காம்பராவின் வாசல் வரை போனார். வலி ஏறக்குறைய முன்பு போலவே இருந்தது. பகலில் படுத்திருக்கும் நேரம் குறைந்திருந்தது. மனம் தெளிந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் அந்த முதல் மூன்று நிமிடமே நடந்திருக்காது, ஏனென்றால் மனச்சோர்வில் செய்யும் விருப்பம் பெரும்பாலும் செயலுக்குப் பின்னால்தான் வருகிறது.

எண்ணங்களைத் தள்ளி நின்று பார்க்கும் பயிற்சியிலும் இதே சிக்கல் உண்டு. “நான் உதவாதவள்” என்பதை “நான் உதவாதவள் என்ற எண்ணம் எனக்கு வருகிறது” என்று மாற்றிச் சொல்வது, அந்த எண்ணம் கூடவே இருக்கும்போதும் அடுத்த காரியத்தைச் செய்வதற்காகத்தான். எண்ணம் போகும்வரை அதை மந்திரம் போல உருப்போட்டால் அது இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் சாக வேண்டும், உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அதை இந்தப் பயிற்சியால் தனியாகக் கையாளக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியசாலைக்கு வாருங்கள், அல்லது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926-ஐ அழையுங்கள். கால் புதிதாக மரத்துப்போனாலோ பலவீனமடைந்தாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழந்தாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே வைத்தியரைப் பாருங்கள்.